பூட்டினனோ, இல்லையோ? – ஒரு சந்தேகத்தின் வரலாறு

பிரான்சில் ஒரு வியாபாரக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயதில் ஒருநாள் மாமி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மாமியின் சாமான் ஏதாவது தன் ஏப்ரன் பொக்கற்றுக்குள்ள வந்திருக்குமோ என்று அவளுக்கு ஒரு பயம் பிடித்தது. அவள் களவெடுக்கிற ஆள் இல்லை. அது அவளுக்கே வடிவாய்த் தெரியும். ஆனாலும் பயம் போகவில்லை. ஏப்ரன் இல்லாமல் போய்வரத் தொடங்கினாள். பயம் இடம் மாறியது. கணக்கெழுதும்போது ஓர் இலக்கத்தைப் பிழையாகப் போட்டு யாரையாவது நட்டப்படுத்திவிட்டேனோ என்று பார்த்த கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு, காசைத் தொட்டால் பெறுமதியான ஏதாவது விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று கையை உதறி உதறிப் பார்க்கத் தொடங்கினாள்.

எஸ்கிரோல் என்ற மருத்துவர் 1838இல் வெளியிட்ட மனநோய்கள் பற்றிய நூலில் இவளை ‘மட்மசெல் எஃப்’ என்று எழுதினார். அப்போது அவளுக்கு வயது 34. அவரைக் குழப்பிய விசயம் ஒன்றுதான். இவள் தெளிவாகக் கதைக்கிறாள், தன்னுடைய பயம் முட்டாள்தனமானது என்று தானே சொல்கிறாள், ஆனால் நிறுத்த முடியவில்லை. ‘பைத்தியம்’ என்றால் புத்தி பேதலிப்பது என்று நம்பியிருந்த காலத்தில், புத்தி சரியாக இருக்க வருகிற இந்த வருத்தத்தை எந்தப் பெட்டிக்குள் போடுவது? 1875இல் லெகிராண்ட் து சோல் என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலேயே ‘சந்தேகப் பைத்தியம்’ என்று வரும். இண்டைக்கு நாங்கள் ஓசிடி என்கிறதைவிட அந்தப் பழைய பெயர்தான் பொருத்தம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

காரணம் என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா. கொழும்பில் அறை எடுத்து வேலைக்குப் போய்வந்தவ. முதலில் கேஸைப் பூட்டிவிட்டு ஒருக்கா தொட்டுப் பார்ப்பா. பிறகு ரெகுலேற்றர், அயன் பிளக், கடைசியாக ஆமைப்பூட்டு. எல்லாமாக ஐந்து நிமிசம். ஒரு வருசத்துக்குள் அது ஐம்பது நிமிசமானது. பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கி, பஸ் ஹோல்ற் வரை போய்த் திரும்பி வருவா. வேலைக்குப் பிந்தினதுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய். ‘போட்டோ எடுத்து வையுங்கோவன்’ என்று ஐடியா கொடுத்தது நான்தான். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு. இரண்டு கிழமை வேலை செய்தது. பிறகு பஸ்ஸுக்குள்ள இருந்து கோல் எடுத்தா: ‘தம்பி, இது இண்டைக்கு எடுத்த போட்டோதானோ? எடுத்தாப் பிறகு கை பட்டிருக்குமோ?’ ஏப்ரனைக் கழற்றின அதே கதை.

சரி, திரும்பப் பார்க்கிறது எல்லாம் வருத்தமா? இல்லை. 2021 நவம்பர், டிசம்பரில் எங்கட நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடித்த நாட்கள் நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு ரெகுலேற்றரில் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தம். குமிழி வரேல்லை என்றால் விசயம் முடிந்தது, தேத்தண்ணி வைத்தம். ஆபத்து உண்மையாக இருந்தது, பார்வைக்கு ஒரு முடிவும் இருந்தது. அக்காவுக்கு அந்த முடிவு இல்லை. குமிழ் ‘ஓஃப்’இல் நிற்பதைக் கண் பார்க்கிறது. ஆனால் ‘இப்ப சரி’ என்ற உணர்வு வரும்வரை அவ நிற்கிறா, அது வருகுதில்லை. மருத்துவர்கள் கேட்கிறதும் ஏறக்குறைய இதைத்தான்: நாளுக்கு ஒரு மணித்தியாலம் அளவுக்கு இது தின்கிறதா, அல்லது வேலையையும் படிப்பையும் உறவையும் குலைக்கிறதா, பெரும் வேதனை தருகிறதா? எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு, அதனால்தான் திரும்பப் பார்க்கிறார்கள் என்று ஓர் எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு நெதர்லாந்து உளவியலாளர்கள் அதைத் தலைகீழாகப் பார்த்தார்கள். வருத்தம் ஒன்றும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பின் குமிழ்களைத் திறந்து, பூட்டி, சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு குழு இதை 20 தடவை செய்தது. மற்றக் குழு இடையில் அடுப்பை விட்டுவிட்டு மின்குமிழ்களைச் சரிபார்த்தது. கடைசியில் இரு குழுவும் அடுப்பை ஒருமுறை பார்த்தன. ‘இப்ப எந்தக் குமிழ்களைப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டபோது இரு குழுவும் ஏறக்குறைய ஒரேயளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் அடுப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் மங்கல், விபரம் குறைவு, தங்கள் பதிலிலேயே நம்பிக்கை இல்லை. பிறகு கனடாவில் ரடோம்ஸ்கியும் கூட இருந்தவர்களும் உண்மையான குசினி அடுப்பில் செய்து பார்த்தபோதும் அதே நிலை.

யோசித்துப் பார்த்தால் விளங்கும். நேற்றுப் பூட்டினது, இண்டைக்குப் பூட்டினது, ஏழாந்தரம் இழுத்துப் பார்த்தது எல்லாம் ஒரே மாதிரியான படங்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதுவும் தனியாகத் தெரியாமல் போகிறது. சந்தேகம் வந்ததால் பார்க்கிறோம், பார்த்ததால் சந்தேகம் வளர்கிறது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்ப எனக்கு மண்டை பழுதில்லையோ?’ என்று கேட்டா.

வைத்தியமும் இந்த முடிச்சில்தான் கை வைக்கிறது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், வார்டில் இருந்த இரண்டு நோயாளிகளைப் பயம் வருகிற நிலைமைக்குள் வைத்து, பயத்தைத் தணிக்கச் செய்கிற சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுத்துப் பார்த்தார். அதுவரை அசையாத வருத்தம் நன்றாய்க் குறைந்தது. 1970களில் மோட்ஸ்லி வைத்தியசாலையில் ராக்மனும் மற்றவர்களும் இதை வளர்த்தார்கள். பூட்டுப் பார்க்கிறவர்களிடம் ஒரு சிக்கல் இருந்தது. வார்டுக்கு வந்தால் சிலருக்குப் பயம் குறைந்துவிடும். கதவுக்கு அங்கே அவர்கள் பொறுப்பில்லைத்தானே. ‘ஏதும் நடந்தால் பழி எனக்கு’ என்ற எண்ணம்தான் பயத்தின் வேர். ஆகவே அவர்களுக்குப் பயிற்சி சொந்த வாசலில் நடக்கவேண்டும்.

அக்காவுக்கு நடந்ததும் அப்படித்தான். பெரிய வைத்தியசாலை ஒன்றின் உளநலப் பிரிவில் மருந்தும் தந்தார்கள். அது பிடிக்கச் சில கிழமை எடுத்தது. கூடவே வீட்டுப்பாடம்: முதலில் அயன் பிளக் மட்டும், ஒரேயொரு தரம், திரும்பிப் பார்க்காமல் வெளியேறவேண்டும். போட்டோ இல்லை, எனக்குக் கோல் இல்லை. எனக்கும் ஒரு விதி: ‘பூட்டியிருப்பீங்கள், பயப்படாதேங்கோ’ என்று சொல்லக்கூடாது. அந்த ஆறுதலும் பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரித்தான். முதல்நாள் பஸ்ஸுக்குள் கை நடுங்க இருந்தவவுக்கு முக்கால் மணித்தியாலத்தில் பயம் தானாக இறங்கியிருக்கிறது. கேஸுக்கு வரக் கனநாள் எடுத்தது. இந்த வழி எல்லாருக்கும் முழுதாய்ச் சரிவராது, இடையில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

போன மாசம் அக்காவோட ஒரு கலியாண வீட்டுக்குக் கிளம்பினன். ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டு கேற் வரை வந்தா, நின்றா. நான் வாயைத் திறக்கவில்லை. ‘கேட்க மாட்டன்,’ என்று தானே சொல்லிவிட்டு ஓட்டோவுக்குள்ள ஏறினா.