கடன் கணக்கு பிறந்த கதை

ஒரு கம்பெனி தொடங்கவோ விரிவாக்கவோ பணம் வேண்டும். பங்கு விற்றுத் திரட்டலாம், கடனும் வாங்கலாம். எந்த விகிதத்தில் கலந்தால் கம்பெனியின் மதிப்பு உச்சத்துக்குப் போகும் என்பதற்கு 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நிதிப் பாடப்புத்தகங்களில் ஒரு பதில் இருந்தது. கடனுக்குத் தரும் வட்டி குறைவு, பங்குதாரர் எதிர்பார்க்கும் லாபம் அதிகம். ஆகவே அளவோடு கடன் வாங்கினால் பணத்தின் சராசரி விலை குறையும். அளவு மீறினால் எல்லாரும் பயந்துபோய் விலை மறுபடி ஏறும். அந்த அளவு எது என்பதை நிதி மேலாளரின் அனுபவம் சொல்லும் என்று விட்டுவிட்டார்கள்.

1952இல் நடந்த ஒரு மாநாட்டில் டேவிட் டுராண்ட் என்ற ஆய்வாளர் இந்தப் பதிலைக் கிளறிப் பார்த்தார். கம்பெனிக்கு விலை போட இரண்டு வழி உண்டு என்றார். வட்டி போக மிஞ்சுவதற்குத் தனியாக விலை போட்டு, அதோடு கடனைக் கூட்டுவது ஒரு வழி. வட்டியைக் கழிக்காமல், தொழில் சம்பாதிக்கும் மொத்தத்துக்கும் விலை போடுவது மற்றொன்று. முதல் வழியில் போட்டால் கடன் கூடக்கூட மதிப்பு கூடுகிறது. இரண்டாவது வழியில் கடன் எவ்வளவு இருந்தாலும் மதிப்பு அசைவதில்லை. எது சரி என்று டுராண்ட் அடித்துச் சொல்லவில்லை. நடப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்று நினைத்தார்.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஃபிராங்கோ மோடிக்லியானி. ரோமில் பிறந்த யூதர்; பாசிச ஆட்சிக்குத் தப்பி 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் அவரோடு வேலை பார்த்தவர் மெர்ட்டன் மில்லர். போர்க் காலத்தில் அமெரிக்கக் கருவூலத்தின் வரி ஆய்வுப் பிரிவில் இருந்தவர் அவர். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958 ஜூனில் வெளிவந்தது. வரி இல்லாத, திவாலானால் செலவு இல்லாத, எல்லாரும் ஒரே வட்டிக்குக் கடன் வாங்கக்கூடிய ஒரு சந்தையில், கம்பெனியின் மதிப்புக்கும் அது வாங்கிய கடனுக்கும் தொடர்பே இல்லை என்று அது சொன்னது.

இந்த முடிவின் பலம் அதை நிரூபித்த விதத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் சம்பாதிக்கும் இரண்டு கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். தொழில் ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. முதல் கம்பெனிக்குக் கடன் இல்லை. சந்தை அதற்கு 10 லட்சம் விலை வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு 6 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் இருக்கிறது. வட்டி 30,000 போகப் பங்குதாரருக்கு 70,000 மிஞ்சுகிறது. கடன் நல்லது என்று நம்பும் சந்தை, இந்தக் கம்பெனியின் பங்குகளுக்கு 6 லட்சம் விலை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடனோடு சேர்த்தால் மதிப்பு 11 லட்சம்.

இந்த இரண்டாவது கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவர் கையில் இருப்பது 60,000 டாலர் பங்கு. ஆண்டு வருமானம் 7,000. அதை விற்கிறார். தன் பெயரில் 50,000 கடன் வாங்குகிறார். கம்பெனியின் கடனில் பத்தில் ஒரு பங்கும் அதே தொகைதான். இப்போது கையில் 1,10,000. அதில் 1 லட்சம் போட்டுக் கடனில்லாத கம்பெனியின் பத்தில் ஒரு பங்கை வாங்குகிறார். வருமானம் 10,000, தன் கடனுக்கு வட்டி 3,000, மிச்சம் அதே 7,000. தாங்கும் ஆபத்தும் முன்பு இருந்ததேதான். ஆனால் கையில் 10,000 டாலர் சும்மா நிற்கிறது.

இதைக் கண்டவர்கள் எல்லாரும் ஒன்றை விற்று மற்றதை வாங்குவார்கள். விலை வித்தியாசம் மறையும்வரை வாங்குவார்கள். கடன் வைத்த கம்பெனியின் மொத்த மதிப்பும் 10 லட்சத்தில்தான் போய் நிற்கும். பங்குகளின் விலை 5 லட்சம், அதற்கு வருமானம் 70,000, அதாவது 14 சதவீதம். கடனில்லாத கம்பெனியின் பங்குதாரருக்கு 10 சதவீதம்தான் கிடைத்தது. கூடுதல் 4 சதவீதத்தைக் கடன் கொண்டுவந்த ஆதாயம் என்று பார்க்கக் கூடாது. வட்டிக்காரருக்கு முதலில் கொடுத்துவிட்டு மிஞ்சியதை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதால் ஏறிய ஆபத்துக்கான கூலி அது. கடன் மலிவு என்று பேசுபவர்கள் இன்றைக்கும் தவறவிடும் இடம் இதுதான். அந்த மலிவுக் கடன் பங்கை விலை உயர்ந்த பணமாக்குகிறது. ஒன்று குறைத்ததை மற்றொன்று சரியாகத் தின்றுவிடுகிறது.

அதே கட்டுரையில் 43 மின்சாரக் கம்பெனிகள், 42 எண்ணெய்க் கம்பெனிகள் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களையும் வைத்துப் பார்த்தார்கள். கடன் அளவுக்கும் பணத்தின் சராசரி விலைக்கும் சொல்லத்தக்க தொடர்பு தென்படவில்லை. எதிர்ப்பு பலமாக வந்தது. டுராண்டே 1959இல் மறுப்பு எழுதினார். தனி மனிதருக்கும் கம்பெனிக்கும் ஒரே வட்டி கிடைக்காது, நடைமுறைத் தடைகள் பல உண்டு என்பது அவர் வாதம். அவர் சொன்னது நியாயமே. ஆனாலும் அந்தத் தேற்றம் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தது. கடன் அளவு மதிப்பைப் பாதிக்கிறது என்று சொல்ல வருபவர், எந்த அனுமானம் உடைவதால் பாதிக்கிறது என்று காட்டியாக வேண்டும். வெறும் அனுபவம் என்ற பதில் அதற்குப் பிறகு செல்லவில்லை.

முதலில் உடைந்தது வரி. அன்றைய அமெரிக்காவில் கம்பெனி வருமான வரி 52 சதவீதம். வட்டியைச் செலவாகக் கழிக்கலாம். ஈவுத்தொகையைக் கழிக்க முடியாது. கடனில்லாத நம் கம்பெனி 1 லட்சத்துக்கும் வரி கட்டி 48,000 கொண்டுபோகிறது. கடனுள்ள கம்பெனி 70,000க்குத்தான் வரி கட்டுகிறது. பங்குதாரருக்கு 33,600, வட்டிக்காரருக்கு 30,000, கூட்டினால் 63,600. ஆண்டுதோறும் 15,600 டாலர் கருவூலத்துக்குப் போகாமல் கம்பெனியில் பணம் போட்டவர்களுக்குள்ளேயே தங்குகிறது.

இந்த மிச்சத்துக்கு எவ்வளவு விலை போடுவது என்பதில்தான் மோடிக்லியானியும் மில்லரும் சறுக்கினார்கள். 1958இல் அதைத் தொழில் வருமானத்தோடு சேர்த்து அதே 10 சதவீதத்தில் மதிப்பிட்டார்கள். நம் கணக்கில் 1,56,000 வரும். ஆனால் தொழில் லாபம் ஏறி இறங்கும். வட்டியோ ஆண்டுதோறும் மாறாதது, அதனால் மிஞ்சும் வரியும் மாறாதது. கடனுக்குள்ள அதே உறுதி அதற்கும் உண்டு, எனவே 6 சதவீதத்தில்தான் மதிப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் 2,60,000 வரும்: கடன் தொகையை வரி விகிதத்தால் பெருக்கினால் கிடைக்கும் அதே எண். 1963இல் திருத்தம் என்றே தலைப்பிட்டு இதை வெளியிட்டார்கள். தங்கள் பெயரை உயர்த்திய கட்டுரையில் பிழை இருந்தது என்று தாங்களே அச்சில் சொன்ன அந்தச் சில பக்கங்கள்தான் இன்று வகுப்பறைகளில் சொல்லித்தரப்படும் சூத்திரத்தின் மூலம்.

திருத்தம் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு டாலர் கடனும் 52 சென்ட் மதிப்பைக் கூட்டும் என்றால், கம்பெனிகள் கழுத்துவரை கடன் வாங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் அப்படிச் செய்யவில்லை. ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அது கடன் முற்றினால் வரும் நெருக்கடியின் செலவு என்ற விடை படிப்படியாக உருப்பெற்றது. ஆலன் கிராஸ், ராபர்ட் லிட்சன்பெர்கர் இருவரும் 1973இல் அதைக் கணித வடிவில் எழுதினார்கள்: வரி மிச்சம் ஒரு பக்கம், நெருக்கடியின் எதிர்பார்ப்புச் செலவு மறுபக்கம், இரண்டும் சமமாகும் இடமே சிறந்த கடன் அளவு.

செலவு என்றால் வக்கீல் கட்டணம், நீதிமன்றச் செலவு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஜெரால்ட் வார்னர் 1977இல் திவாலான 11 ரயில் கம்பெனிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். திவாலுக்குச் சில ஆண்டுகள் முந்தைய சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் அந்தச் செலவு 1 சதவீத அளவுதான். அதே காலத்தில் மில்லரும் சந்தேகம் கிளப்பினார். ஒரு குதிரையையும் ஒரு முயலையும் போட்டுச் சமைத்துவிட்டு இரண்டும் சரிபாதி என்று சொல்வதுபோல இருக்கிறது இந்தச் சமநிலை என்றார். குதிரை வரி மிச்சம். முயல் திவால் செலவு.

உண்மையான செலவு நீதிமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. ஸ்டூவர்ட் மையர்ஸ் 1977இல் காட்டிய ஒன்றை நம் கம்பெனியிலேயே பார்க்கலாம். தொழில் நொடித்து அதன் மதிப்பு 4 லட்சமாகிவிட்டது. கடன் 5 லட்சம். இப்போது 50,000 போட்டால் 70,000 மதிப்பு தரும் நல்ல திட்டம் ஒன்று வருகிறது. பங்குதாரர் பணம் போடுவாரா? போட்டால் கம்பெனியின் மதிப்பு 4,70,000 ஆகும். இன்னமும் கடனைவிடக் குறைவு. விளைந்த 70,000 முழுதும் கடன் கொடுத்தவருக்குப் போகும். பணம் போட்டவருக்கு ஒரு சென்ட்கூடத் திரும்பாது. திட்டம் கைவிடப்படுகிறது; 20,000 டாலர் ஆதாயம் யாருக்கும் இல்லாமல் அழிகிறது. இதோடு, முன்பணம் கேட்கும் சரக்கு வியாபாரிகள், வேறு வேலை தேடிப் போகும் திறமைசாலிகள், உத்தரவாதம் நிற்குமா என்று தயங்கும் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் சேர்க்க வேண்டும். ஆண்ட்ராடேயும் கப்லனும் 1998இல், அதிகக் கடனால் தடுமாறிய 31 அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, இழப்பு கம்பெனி மதிப்பில் 10 முதல் 20 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள்.

இன்றைய அமெரிக்க வரி 21 சதவீதம். அதை வைத்து 10 லட்சம் மதிப்புள்ள ஒரு கம்பெனிக்குக் கணக்குப் போடலாம். நெருக்கடி வந்தால் 2 லட்சம் இழப்பு என்போம். இன்னும் ஒரு லட்சம் கடன் வாங்கினால் வரியில் 21,000 மிஞ்சும். அந்தக் கடன் நெருக்கடிக்கான வாய்ப்பை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினால் எதிர்பார்ப்புச் செலவு 20,000 கூடும்; மயிரிழையில் லாபம். அடுத்த லட்சம் அந்த வாய்ப்பை 35 ஆக்கினால் செலவு 30,000. அங்கே நிறுத்த வேண்டும். வருமானம் நிலையாக வரும் மின்சாரக் கம்பெனிக்கு இந்த இடம் தொலைவில் இருக்கும். ஆய்வுக்கூடத்தையும் மூளையையும் நம்பி ஓடும் மருந்துக் கம்பெனிக்கு மிக அருகில் வந்துவிடும். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு வரி மிச்சமே கிடையாது. அதற்கு இந்தக் கணக்கின் ஒரு பக்கம்தான் உண்டு.

மோடிக்லியானிக்கு 1985இலும் மில்லருக்கு 1990இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் கணக்கு முழுமையாகவில்லை. அதன்படி, நிறைய லாபம் ஈட்டி நிறைய வரி கட்டும் கம்பெனிகள்தான் அதிகக் கடன் வாங்க வேண்டும். நடப்பில், ஒரே தொழிலில் இருப்பவற்றில் நல்ல லாபம் ஈட்டுபவையே குறைவாகக் கடன் வாங்குகின்றன.