லாபம் வேண்டாதவனுக்கு வட்டி எதற்கு? அணைகள் சொல்லும் கதை

எங்கள் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளை இருக்கிறது. நூலகமும் மாலை வகுப்பும்தான் வேலை. போன வருஷம் கூரையில் சோலார் பேனல் போடலாமா என்று பேச்சு வந்தது. செலவு 3 லட்சம். மின்கட்டணத்தில் வருஷம் 30,000 ரூபாய் மிச்சம், 20 வருஷத்துக்கு. எக்செல் ஷீட்டைத் திறந்தேன். டிஸ்கவுண்ட் ரேட் என்ற கட்டத்தில் வந்து கை நின்றுவிட்டது.

டிஸ்கவுண்ட் ரேட் என்றால் கடையில் தரும் தள்ளுபடி இல்லை. பத்து வருஷம் கழித்து வரும் ஒரு ரூபாய் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று கணக்கிட உதவும் வட்டி வீதம். கம்பெனிக்கு இதில் பெரிய குழப்பமில்லை. பங்குதாரர் எதிர்பார்க்கும் லாபமும் கடன் வட்டியும் கலந்த ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். எங்களுக்குப் பங்குதாரரே கிடையாது. "நமக்குத்தான் லாபம் வேண்டாமே, பூஜ்யம்னு போடுங்க" என்றார் ஒரு நண்பர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர், "12 சதவீதத்துக்குக் குறைஞ்சு போடக் கூடாது" என்றார். பூஜ்யம் போட்டால் மிச்சத்தின் இன்றைய மதிப்பு 6 லட்சம். 12 போட்டால் 2.24 லட்சம்தான். ஒரு கணக்கில் உடனே போட வேண்டும், இன்னொன்றில் போடவே கூடாது.

இதே சண்டையை அமெரிக்க அரசு பல வருஷம் போட்டிருக்கிறது என்று தேடும்போது தெரிந்தது. விஷயம் அணைகள்.

1936-இல் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம், திட்டத்தின் பலன் யாருக்குப் போனாலும் சரி, மொத்தப் பலன் செலவை விட அதிகமாக இருக்க வேண்டும் என்றது. அணைக்குச் செலவு இன்றைக்கு, பலனோ நூறு வருஷத்துக்குச் சொட்டுச் சொட்டாக வரும். ஆக, எந்த வட்டி வீதத்தைப் போடுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது. அரசு சுலபமான வழியை எடுத்தது: நாம் கடன் வாங்கும் வட்டி எதுவோ அதையே போடுவோம். 1962-இல் வந்த செனட் ஆவணம் 97 இதை விதியாக்கியது. அதிலும், நிலுவையில் இருந்த பழைய நீண்டகாலப் பத்திரங்களில் அச்சிட்டிருந்த வட்டியின் சராசரியைத்தான் எடுத்தார்கள். சந்தை வட்டி ஏறிக்கொண்டிருந்தபோது இந்த எண் கீழேயே கிடந்தது. 1962-இல் அது 2.625 சதவீதம்.

இதன் விளைவைப் பார்க்க நானே ஒரு கற்பனை அணையைக் கட்டினேன். செலவு 10 கோடி டாலர், வருஷம் 40 லட்சம் டாலர் பலன், ஆயுள் 100 வருஷம். வருடப் பலனைப் பெருக்க வேண்டிய எண்ணுக்கு ஒரு வரி போதும்:

```
(1 - (1 + r)**-100) / r
```

2.625 சதவீதத்தில் பலனின் இன்றைய மதிப்பு 14.1 கோடி. பேஷ், கட்டலாம். 4.625-இல் 8.6 கோடி, அதாவது நஷ்டம். 6 சதவீதத்தில் 6.6 கோடி, கேட்கவே வேண்டாம். ஆறும் அதேதான், சிமென்ட்டும் அதேதான். மாறியது ஒரே ஒரு எண்.

1958-இல் ஜான் குருட்டில்லா, ஆட்டோ எக்ஸ்டைன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆற்றுத் திட்டங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் அவர்கள் கேட்ட கேள்விதான் எனக்குப் பொட்டில் அடித்தது. அரசு என்ன வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்பதை விடுங்கள், இந்தப் பணம் முதலில் யாருடையது? வரி கட்டுகிறவருடையது. அணை கட்டாமல் அந்த வரியைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குடும்பம் தவணைக் கடனை அடைத்திருக்கும், இன்னொருவர் வீட்டுக் கடனைக் குறைத்திருப்பார், ஒரு கம்பெனி இயந்திரம் வாங்கியிருக்கும். இவர்கள் ஒவ்வொருவரும் சந்திக்கும் வட்டியை, வரியில் அவர்கள் பங்குக்கு ஏற்பச் சராசரி எடுத்தார்கள். வந்தது 5 முதல் 6 சதவீதம், அரசு போட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரசுக்குப் பங்குதாரர் இல்லை என்பதால் பணம் மலிவாகிவிடவில்லை; விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1968-இல் செனட்டர் பிராக்ஸ்மையர் நடத்திய விசாரணைகளில் இந்த விஷயம் சந்திக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் விதி மாறியது. பத்திரத்தில் அச்சிட்ட வட்டிக்குப் பதிலாகச் சந்தையில் அது தரும் வருவாயை எடுத்தார்கள், எண் 4.625 ஆனது. ஆனாலும் வருஷத்துக்குக் கால் சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கிய பல திட்டங்களுக்குப் பழைய 3.25 சதவீதமே தொடர்ந்தது. 1972-இல் மற்ற அரசுத் திட்டங்களுக்கு 10 சதவீதம் என்று உத்தரவு வந்தபோதும் நீர்த் திட்டங்களுக்கு விலக்கு. தொகுதிக்கு ஒரு அணை வேண்டும் என்றால் முதலில் எண்ணைத்தான் காப்பாற்ற வேண்டும்!

இதற்கு எதிர்த் திசையில் போனது பிரிட்டன். 2003-இல் அந்நாட்டு நிதித்துறை 3.5 சதவீதத்தை வைத்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், பலன் பெறும் மக்களைப் பார்த்துக் கட்டிய எண் அது. பொறுமையின்மைக்கும் எதிர்பாராத பேரிடருக்கும் சேர்த்து 1.5, நாளைய மக்கள் நம்மை விட வசதியாக இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு ரூபாயின் அருமை குறைவு என்பதற்காக 2. 30 வருஷத்துக்கு அப்பால் வீதம் படிப்படியாகக் குறையும்.

சரி, எங்கள் கூரைக்கு வருவோம். முதலில் நானே ஒரு தப்புச் செய்திருந்தேன். வருஷம் 30,000 என்று இன்றைய விலையிலேயே 20 வருஷத்துக்கும் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் வட்டியிலும் விலைவாசி ஏற்றத்தைக் கழிக்க வேண்டும். வைப்பு நிதி 7 சதவீதம் தந்து விலைவாசி 5 ஏறினால், உண்மையான வட்டி 2-க்குச் சற்றுக் குறைவு. வங்கி நண்பரின் 12-இல் விலைவாசியும் ஒளிந்திருந்தது. விலைவாசி ஏற்றம் சேராத மிச்சத்தோடு அதைச் சேர்த்தது என் பிழை.

2 சதவீதத்தில் பேனலின் மதிப்பு 4.9 லட்சம். அப்போ போட்டுவிடலாமா? பணம் சும்மா வங்கியில் கிடக்கப் போகிறது என்றால் போடலாம். அங்கேதான் குருட்டில்லாவின் கேள்வி குறுக்கே வந்தது. பேனல் போடாவிட்டால் இந்த 3 லட்சம் எங்கே போகும்? எங்களிடம் மாலை வகுப்புக்கு இடம் இல்லாமல் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அப்படியானால் விட்டுக்கொடுப்பது வைப்பு நிதி வட்டியை இல்லை, அந்த வகுப்பை.

கடைசியில் நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எந்த வீதத்தில் இந்தத் திட்டம் சரிசமமாக நிற்கும்? விடை 7.75 சதவீதத்துக்குச் சற்று அதிகம், விலைவாசி நீங்கலாக. கூட்டத்தில் இதைத்தான் வைத்தேன்: "பேனல் வருஷம் 7.75 தருது. காத்திருக்கிற பிள்ளைங்களுக்கு அதே பணம் இதைவிட அதிகம் செய்யுமா, குறைவா செய்யுமா?"

பூஜ்யமா 12-ஆ என்ற சண்டை அதோடு நின்றது. அதைவிடக் கஷ்டமான சண்டை தொடங்கியது. வகுப்புக்கு ஒரு அறை எடுத்தோம். பேனல் அடுத்த நன்கொடைக்குக் காத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் படிப்புக்குச் சதவீதம் போட எனக்குத் தெரியாது. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதாவது இப்போது எல்லோருக்கும் தெரியும்.