சனிக்கிழமை படைக்கப்பட்ட மண்: ஒரு ஹதீஸும் ‘நாள்’ என்ற சொல்லும்

ஈழத்து முஸ்லிம்களின் சமயச் சிந்தனையை ஆராய்ந்தோர் சிலர், பொத்துவில் முதல் கல்முனை வரையுள்ள ஊர்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். தரீக்கா வழி வந்தோர் படைப்பு வரலாற்றைக் குறியீடாகப் படிப்பவர்கள் என்றும், தவ்ஹீத் வழி வந்தோர் சொல்லுக்குச் சொல் படிப்பவர்கள் என்றும் சொல்கிறார்கள். இரு சாராரும் ஏற்கும் ஒரு தொகுப்பில் உள்ள ஒரே ஒரு ஹதீஸ் இந்தப் பிரிவினையைக் குலைக்கிறது என்பதே என் வாதம்.

அது ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா வழியாக வருவது. மண் சனிக்கிழமையும் மலைகள் ஞாயிறும் மரங்கள் திங்களும் வெறுக்கத்தக்கவை செவ்வாயும் ஒளி புதனும் உயிரினங்கள் வியாழனும் படைக்கப்பட்டன. ஆதம் நபி வெள்ளி அஸருக்குப் பின் படைக்கப்பட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழு நாள். குர்ஆனோ வானங்களும் பூமியும் ஆறு நாள்களில் படைக்கப்பட்டதாகப் பல இடங்களில் சொல்கிறது. இன்னொரு குறை எண்ணிக்கையைவிடப் பெரியது. இந்தப் பட்டியலில் வானமே இல்லை. 41ஆம் அத்தியாயம் ஏழு வானங்களுக்கென்றே இரண்டு நாள்களை ஒதுக்குகிறது.

அதே அத்தியாயத்தில் பூமிக்கு இரண்டு, அதன் மலைகளுக்கும் உணவுகளுக்கும் நான்கு, வானத்துக்கு இரண்டு என்று கூட்டினால் எட்டு வருமே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பொத்துவிலில் பஸ் ஏறியவர், “அக்கரைப்பற்றுக்கு ஒரு மணித்தியாலத்தில் வந்தேன், கல்முனைக்கு இரண்டு மணித்தியாலத்தில் வந்தேன்” என்றால் மொத்தப் பயணம் மூன்று மணித்தியாலம் என்று யாரும் கணக்கிடுவதில்லை. பிந்திய இரண்டுக்குள் முந்திய ஒன்று அடங்கியிருக்கிறது. குர்துபியின் தப்ஸீர் பஸ்ரா, பக்தாத், கூஃபா ஆகிய ஊர்களை வைத்து இதையே விளக்குகிறது. நான்கு என்பது முதல் இரண்டையும் சேர்த்த நான்கு. இது சொல்லை அப்படியே எடுக்கும் வாசிப்புத்தான். ஆனால் மொழி தெரிந்த வாசிப்பு.

சனிக்கிழமை ஹதீஸுக்கு அப்படிப்பட்ட இலக்கணத் தீர்வு கிடைக்கவில்லை. புகாரி தம் ‘அத்தாரீகுல் கபீர்’ நூலில், இது நபிமொழியன்று, யூதராக இருந்து இஸ்லாத்துக்கு வந்த கஅபுல் அஹ்பாரின் கூற்று என்று சிலர் அறிவிப்பதைக் குறிப்பிட்டு, அதுவே சரியானது என்கிறார். இப்னு கஸீர் தம் தப்ஸீரில் அந்தக் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். இப்னு தைமிய்யாவும் இந்த அறிவிப்பில் குறை இருப்பதாகவே கொள்கிறார். வெள்ளிக்கிழமை ஆதம் நபி படைக்கப்பட்டது வேறு ஹதீஸ்களாலும் உறுதியானது. ஆறு நாள் வெள்ளியில் முடிய வேண்டுமானால் தொடக்கம் ஞாயிறாக இருந்தாக வேண்டும். தபரியும் ஞாயிறையே தேர்கிறார்.

இந்தச் சந்தேகம் நவீன விஞ்ஞானத்துக்கு அஞ்சிப் பிறந்தது என்ற எதிர்வாதம் ஆண்டுக் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. புகாரி மறைந்தது 870இல்.

இங்கே கவனிக்க வேண்டியவர் இப்னு தைமிய்யா. இன்றைய சீர்திருத்தவாதிகள் பெரிதும் சார்ந்திருக்கும் அவரே, வாசகத்தைக் குறியீடாக்கிக் காப்பாற்ற முயலாமல் அறிவிப்பையே ஐயுறுகிறார். மறுபுறம், சீறாப்புராணத்தின் தலைமுறைப் படலத்தில் ஆதம் நபியிலிருந்து பரம்பரை வழியே இறங்கிவரும் நபிகளின் பேரொளியைத் தரீக்கா மரபினர் உருவகமாக நினைப்பதில்லை, உள்ளபடியே நம்புகிறார்கள். நேர்ப்பொருளும் குறியீடும் இயக்கத்துக்கு இயக்கம் மாறுவதைவிட வசனத்துக்கு வசனம் மாறுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘நாள்’ என்ற தமிழ்ச் சொல்லும் இதற்கு இடம் கொடுக்கிறது. “அந்த நாளையில” என்று நம் பெரியவர்கள் பேசினால் அது ஒரு பகலும் இரவுமன்று. பக்கத்து வீட்டுச் சைவருக்குப் பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. ஆதியாகமத்தின் ஆறு நாள்களைச் சூரிய நாள்களாகக் கொள்ளத் தயங்கிய அகஸ்தீன் கிறிஸ்தவர்களிடையே ஒதுக்கப்பட்டவரல்லர். குர்ஆனும் இறைவனிடத்து ஒரு நாளை ஆயிரம் ஆண்டு என்கிறது (22:47). வேறோரிடத்தில் ஐம்பதாயிரம் என்கிறது (70:4).

இந்த ஹதீஸ் ஆதாரபூர்வமானதே என்று இருபதாம் நூற்றாண்டில் வாதிட்டவர் அல்பானி. அவருடைய வழிதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. ஹதீஸின் ஏழு நாள்கள் வேறு, குர்ஆனின் ஆறு நாள்கள் வேறு என்கிறார் அவர். முன்னவை நம்முடைய நாள்களாகவும், பின்னவை ஆயிரம், ஐம்பதாயிரம் ஆண்டு நீளும் நாள்களாகவும் இருப்பதற்கு என்ன தடை என்று கேட்கிறார். ஹதீஸின் சனிக்கிழமையை உண்மையான சனிக்கிழமையாகவே நிறுத்துவதற்காக, குர்ஆனின் ஆறு நாள்களை அவர் கிழமைக் கணக்கிலிருந்தே வெளியே எடுக்க வேண்டியிருந்தது.