ஒரு வீடியோ, இருபது நாடுகள்

யூட்யூபில் சில வீடியோக்களைத் திறந்தால் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வரும். யார் தடுத்தது, எதற்காகத் தடுத்தது என்று அந்த வரி சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஓரளவு உதவுவது டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட், அதாவது வெளிப்படைத்தன்மை அறிக்கை. எந்த நாட்டு அரசும் நீதிமன்றமும் எத்தனை நீக்கக் கோரிக்கைகள் அனுப்பின என்று கூகுள் 2010 முதல் இப்படி வெளியிட்டு வருகிறது.

2012-ன் இரண்டாம் பாதிக்கான அறிக்கையில் ஒரே ஒரு படம் தனியாகக் குறிப்பிடப்பட்டது: நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய 'இன்னசன்ஸ் ஆஃப் முஸ்லிம்ஸ்'. அந்த ஆண்டு செப்டம்பரில் அதை எதிர்த்துப் பல நாடுகளில் போராட்டங்கள் வெடித்தன. 20 நாடுகள் கூகுளை அணுகின. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, எகிப்து மூன்றும் வீடியோ யூட்யூபின் விதிகளை மீறுகிறதா என்று பார்க்கச் சொன்னன. மற்ற 17 நாடுகள் நீக்கவே சொல்லின.

கூகுளின் பதிலைக் கவனியுங்கள். ஒரு வீடியோ யூட்யூபின் சொந்த விதியை மீறினால் உலகம் முழுவதும் நீக்கப்படும். ஒரு நாட்டின் சட்டத்தை மட்டும் மீறினால் அந்த நாட்டில் மட்டும் மறைக்கப்படும். இந்த வீடியோ விதியை மீறவில்லை என்று கூகுள் முடிவு செய்தது. எனவே சட்டப்படி புகார் வந்த இந்தியா, இந்தோனேஷியா, சவூதி அரேபியா போன்ற நாடுகளில் மட்டும் மறைத்தது. எகிப்திலும் லிபியாவிலும் தற்காலிகமாக மறைத்ததற்குச் சட்டத்தைக் காட்டவில்லை. அங்கிருந்த கடினமான சூழ்நிலையைத்தான் காரணமாகச் சொன்னது.

பாகிஸ்தான் வேறு வழியில் போனது. யூட்யூப் தளத்தையே முடக்கியது. அந்தத் தடை 2016 ஜனவரி வரை நீடித்தது. இப்படிப்பட்ட முடக்கம் நீக்கக் கோரிக்கைகளின் எண்ணிக்கையில் சேராது.

கதை அதோடு முடியவில்லை. படத்தில் சில விநாடிகள் மட்டுமே வரும் ஒரு நடிகை அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். அவர் 500 டாலர் வாங்கிக்கொண்டு நடித்தது 'டெசர்ட் வாரியர்' என்ற வேறு கதைக்கு. பிறகு அவர் பேசாத வசனத்தை அவர் வாயில் டப்பிங் செய்துவிட்டார்கள். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆனால் வழக்கு மத அவமதிப்பு பற்றியதல்ல, காப்புரிமை பற்றியது. 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வீடியோவை நீக்க உத்தரவிட்டது. தீர்ப்பு வெளியாகும் வரை அந்த உத்தரவைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் சொன்னது. 2015 மே மாதம் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, நடிப்புக்குத் தனிக் காப்புரிமை இல்லை என்று அந்த உத்தரவை ரத்து செய்தது.

ஆக, ஒரே வீடியோ மறைந்ததற்கு அரசின் புகார், நிறுவனத்தின் சொந்த முடிவு, தளத்தையே முடக்கியது, நீதிமன்ற ஆணை என்று நான்கு காரணங்கள். அறிக்கையில் வரும் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. கேட்டது யார், காட்டிய சட்டம் எது, மறைத்தது எந்த எல்லைக்குள் என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது புரியும்.