கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றுதல் (தூத்துக்குடி)

கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றுதல் என்பது, பொதுத்தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் இயந்திர வாகனத்தை அரசு அதிகாரிகள் அவ்விடத்திலிருந்து எடுத்துச் செல்லும் நடவடிக்கை ஆகும். இந்தியாவில் இதற்கான முதன்மை அதிகாரத்தை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் காவல்துறைக்கு வழங்குகிறது. தமிழ்நாட்டின் துறைமுக நகரமான தூத்துக்குடியில் இரு சக்கர வாகனங்கள், சிற்றுந்துகள் ஆகியவற்றோடு சரக்குந்துகளும், இழுவை வண்டியிலிருந்து கழற்றி விடப்பட்ட டிரெய்லர்களும் இவ்வாறு கைவிடப்படக்கூடியவை. வாகனத்தைத் தெருவிலிருந்து எடுப்பதற்கும், எடுத்த வாகனத்தை ஏலம் விட்டு முடிப்பதற்கும் வெவ்வேறு சட்டங்கள் உள்ளன. காலத்தாழ்வு பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடையில்தான் ஏற்படுகிறது.

## சட்ட அடிப்படை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127 ஆம் பிரிவின்படி, ஒரு மோட்டார் வாகனம் பொதுவிடத்தில் 10 மணி நேரம் அல்லது அதற்கு மேல் கைவிடப்பட்டோ, கவனிப்பாரின்றியோ இருந்தால், அப்பகுதியில் அதிகாரம் கொண்ட சீருடை அணிந்த காவல் அலுவலர் அதனை இழுத்துச் செல்ல அனுமதி அளிக்கலாம். வாகனம் சிதைந்தோ, எரிந்தோ, பாகங்கள் கழற்றப்பட்டோ போக்குவரத்துக்கு இடையூறாக நின்றால் 10 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை; உடனே அகற்றலாம். இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளரைச் சேரும். இது தவிர, போக்குவரத்தைத் தடுக்கும் வகையில் வாகனத்தை நிறுத்தி வைப்போருக்கு 201 ஆம் பிரிவின் கீழ் 500 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இது மணிக்கு 50 ரூபாய் வரை என்று இருந்தது.

127 ஆம் பிரிவில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, அகற்றலாம் என்று கூறும் இப்பிரிவு, எத்தனை நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்று கூறவில்லை. மற்றொன்று, அகற்றிய வாகனத்தை எங்கே வைப்பது, யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியும் அது எதுவும் கூறவில்லை.

இச்சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல் டிரெய்லரையும், மேற்கூடு பொருத்தப்படாத அடிச்சட்டத்தையும் உள்ளடக்கும். ஆகவே, இயந்திரம் இல்லை என்ற காரணத்தால் தெருவில் விடப்பட்ட டிரெய்லர் விலக்குப் பெறாது. மாறாக, திரேஸ்புரம் போன்ற மீனவர் பகுதிகளில் கரையேற்றித் தெருவோரம் வைக்கப்படும் வள்ளங்களும், தள்ளுவண்டிகளும், மாட்டு வண்டிகளும் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவற்றைப் பொதுவழி ஆக்கிரமிப்பு என்ற முறையில் மாநகராட்சியே கையாள வேண்டும்.

## யாரிடம் முறையிடுவது

முறையீடு சேர வேண்டிய இடம், வாகனம் நிற்கும் சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது.

* மாநகராட்சித் தெருக்கள்: அப்பகுதிக் காவல் நிலையமும் தூத்துக்குடி மாநகராட்சியும். தூத்துக்குடி 2008 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. ஆனால் சென்னை, மதுரை போன்று இங்கு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் இல்லை. காவல்துறை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இயங்குகிறது. எனவே காவல் நிலைய அளவில் தீராத முறையீடு அவருக்குச் செல்லும்.
* தேசிய நெடுஞ்சாலைகள்: மதுரை செல்லும் 38 ஆம் எண் சாலையிலும், திருநெல்வேலி செல்லும் 138 ஆம் எண் சாலையிலும் நிற்கும் வாகனங்களைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.
* துறைமுக நிலம்: வ. உ. சிதம்பரனார் துறைமுக ஆணையத்தின் எல்லைக்குள் உள்ள சாலைகளுக்கு அவ்வாணையத்திடமே முறையிட வேண்டும்.

காவல் நிலையங்களின் அருகே தெருவில் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய வாகனங்களுள் பல, கைவிடப்பட்டவை அல்ல. அவை வழக்குச் சொத்துகள். நீதிமன்ற ஆணையின்றி அவற்றை அப்புறப்படுத்த இயலாது. இத்தகைய வாகனங்களை நெடுங்காலம் காவல் நிலையங்களில் வைத்திருக்கக் கூடாது என்றும், எவரும் உரிமை கோராதவற்றை ஏலம் விட நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குசராத் மாநிலம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2002 இல் கூறியது.

## முறையீட்டில் இருக்க வேண்டியவை

பதிவு எண்ணே முதன்மையானது. தூத்துக்குடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வாகனங்கள் TN 69 என்றும், திருச்செந்தூர்ப் பகுதி வாகனங்கள் TN 92 என்றும், கோவில்பட்டிப் பகுதி வாகனங்கள் TN 96 என்றும் தொடங்கும். mParivahan செயலியில் பதிவு எண்ணை இட்டால் வாகனத்தின் வகை, பதிவு அலுவலகம், காப்பீடு முடிந்த நாள் ஆகியவை தெரியவரும். உரிமையாளரின் முழுப்பெயர் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை. காப்பீடு சில ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தால், அது வாகனம் கைவிடப்பட்டதற்கு ஒரு சான்றாகப் பயன்படும்.

எண் பலகை இல்லாவிட்டால், அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைக் கொண்டு காவல்துறை உரிமையாளரைக் கண்டறியலாம். உப்புக் காற்று வீசும் இக்கடற்கரையில் இரும்பு விரைவில் துருவேறுவதால், அவ்வெண் தெளிவாக இருக்கும்போதே ஒளிப்படம் எடுத்து வைப்பது பயன் தரும்.

கைவிடப்பட்டது என்பதைக் காட்ட, ஒரே இடத்தில் வெவ்வேறு நாட்களில் எடுத்த ஒளிப்படங்கள் தேவைப்படும். காற்றிறங்கிய சக்கரங்கள், வாகனத்தின் அடியில் வளர்ந்த செடி, கழற்றப்பட்ட பாகங்கள் ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். தெருவின் பெயர், அருகிலுள்ள கதவு எண், வாகனம் எத்தனை அடி அகலத்தை அடைத்துள்ளது என்பனவும் குறிப்பிடப்பட வேண்டும். அவசர ஊர்தியோ குப்பை வண்டியோ நுழைய முடியாதிருந்தால் அதனைத் தனியே எழுதுதல் முக்கியம். உடனடியாக அகற்றும் அதிகாரம் இடையூறு என்ற காரணத்தின் மீதே அமைந்துள்ளது.

வாகனத்தில் மழைநீர் தேங்கிக் கொசுப்புழு காணப்பட்டால், மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவிடமும் தனியே முறையிடலாம். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 இன் கீழ் கொசு உற்பத்தியாகும் இடங்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சுகாதார அலுவலருக்கு உண்டு.

## முறையீட்டின் படிகள்

1. போக்குவரத்து முற்றிலும் தடைப்பட்டிருந்தாலோ, திருட்டு வாகனம் என ஐயம் எழுந்தாலோ 100 அல்லது 112 என்ற எண்ணில் அழைத்தல்.
2. மற்ற நிலைகளில், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு அளித்து, அதற்கான ஒப்புகைச் சீட்டைப் பெறுதல். மனுவின் படியை மாநகராட்சி ஆணையருக்கும் அனுப்புதல்.
3. பதில் இல்லையேல், 1100 என்ற தமிழக அரசின் குறைதீர்ப்பு எண்ணிலோ, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலோ மனு அளித்தல்.
4. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழ், மனுவின் மீது எந்த அலுவலர் எந்த நாளில் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று கேட்டல். இதற்கு 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும்.
5. இறுதியாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் மனு அளித்தல். பொதுவழியிலுள்ள தடையை அகற்ற அவர் ஆணையிடலாம். இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவுக்கு இணையானது.

'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலுடன் மனு முடிக்கப்படுவது, அது தவறான அலுவலகத்தை அடைந்துள்ளதற்கான அறிகுறியாகும். அந்நிலையில் அதே மனுவை மீண்டும் அனுப்புவதால் பயனில்லை. எந்தத் துறைக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்று கேட்டு, அங்கே தொடர வேண்டும்.

எவ்வளவு காலம் கிடந்தாலும், குடியிருப்போர் தாமே அவ்வாகனத்தைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றால் அது திருட்டுக் குற்றமாகக் கருதப்படலாம்.

## கால அளவு

வீதியை மறிக்கும் வாகனம் பொதுவாக அன்றே அல்லது ஓரிரு நாட்களில் நகர்த்தப்படும். ஓரமாக நிற்கும் வாகனத்திற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இரு சக்கர வாகனத்தைச் சிறு சரக்குந்தில் ஏற்றிவிடலாம். டிரெய்லருக்குப் பளுதூக்கியும், நிறுத்தி வைக்கப் பரந்த இடமும் வேண்டும். இவை கிடைக்கும் வரை அது நின்ற இடத்திலேயே இருக்கும். பொதுமக்களின் மனுக்களுக்கு 3 நாட்களில் ஒப்புகை வழங்கி, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்று தமிழக அரசு 2015 இல் ஆணையிட்டது. ஆகவே நினைவூட்டல் அனுப்புவதற்கு ஒரு மாதம் என்பதே தக்க அளவு.

அகற்றிய பின்னர், காவல்துறை வாகனத்தைக் கைப்பற்றியதாகக் குற்றவியல் நடுவருக்கு அறிக்கை அளித்தால், உரிமையாளர் இன்னார் எனத் தெரியாத நிலையில் நடுவர் அறிவிப்பு வெளியிடலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503 ஆம் பிரிவின்படி, உரிமை கோருவோர் 6 மாதங்களுக்குள் முன்வர வேண்டும். எவரும் வராவிட்டால், 504 ஆம் பிரிவின்படி வாகனத்தை மாநில அரசின் வசம் ஒப்படைத்து விற்க ஆணையிடலாம். உரிமையாளர் தெரியாத, 10,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை இக்காலம் முடியும் முன்பே விற்க 505 ஆம் பிரிவு இடமளிக்கிறது. துருவேறிய இரு சக்கர வாகனங்கள் பல இந்த மதிப்புக்குள் அடங்கக்கூடியவை.

## ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய கால அளவுகளைக் கொண்டு அமைக்கப்பட்ட மாதிரி இது. ஒரு தெருவில் டிரெய்லர் ஒன்று கைவிடப்பட்டுள்ளதாகக் கொள்வோம். சனவரி 5 அன்று குடியிருப்பாளர் மனு அளித்தால், சனவரி 8 க்குள் ஒப்புகையும், பிப்ரவரி 5 க்குள் தீர்வும் எதிர்பார்க்கலாம். பிப்ரவரி 2 அன்று காவல்துறை அதனை அகற்றினால், தெருவைப் பொறுத்தவரை பிரச்சினை 28 நாட்களில் தீர்ந்துவிடுகிறது.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு என்பதால், அதைக் கொண்டு பதிவு பெற்ற உரிமையாளர் தேடப்படுவார். 'விற்றுவிட்டேன்' என்று அவர் கூறினாலும், பெயர் மாற்றம் செய்யப்படாதிருந்தால் பொறுப்பு அவரை விட்டு நீங்குவது கடினம். விபத்து இழப்பீடு தொடர்பான நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. அவர் வந்தால் இழுவைச் செலவைச் செலுத்தி டிரெய்லரைப் பெற்றுச் செல்லலாம். எண்கள் அழிந்து உரிமையாளரைக் கண்டறிய முடியாமல், பிப்ரவரி 16 அன்று நடுவரின் அறிவிப்பு வெளியானால், ஆகத்து நடுப்பகுதி வரை காத்திருந்த பின்னரே ஏலத்திற்கு வழி பிறக்கும்.

இந்த ஆறு மாத காலமும் டிரெய்லர் காவல் நிலைய வளாகத்தில் இடத்தை அடைத்து நிற்கும். வளாகம் நிறைந்திருக்கும்போது புதிய வாகனங்களை எடுத்துவரக் காவலர்கள் தயங்குவதற்கு இதுவே காரணம்.

## பிற நாடுகளில்

இங்கிலாந்தில் இப்பொறுப்பு 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அங்கு கைவிடப்பட்ட வாகனத்தை அகற்றுவது மன்றத்தின் கடமையாகும். உரிமையாளர் கண்டறியப்பட்டால், வாகனத்தைப் பெற்றுக்கொள்ள அவருக்கு 7 நாட்கள் அளிக்கப்படுகின்றன. அகற்றுதலும் அப்புறப்படுத்துதலும் அங்கே ஒரே அமைப்பின் கையில் உள்ளன. தூத்துக்குடியில் அவை காவல்துறை, நீதிமன்றம் என இரு அமைப்புகளிடம் பிரிந்துள்ளன.