செல் வளர்ப்பில் வைரஸ்: சிதைவு விளைவை அறிதல்

உடலுக்கு வெளியே, கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ உயிருடன் வைத்திருக்கும் செல்களில் வைரஸைத் தொற்றவைத்துப் பெருக்கும் முறையே வைரஸ் வளர்ப்பு. பாக்டீரியாவைப் போல அகார் தட்டில் வைரஸ் வளராது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அப்படிப் பெருகும்போது பல வைரஸ்கள் செல்லின் உருவத்தையே மாற்றிவிடுகின்றன. நுண்ணோக்கியில் தெரியும் இந்த மாற்றத்துக்குச் செல் சிதைவு விளைவு என்று பெயர். ஆய்வகத்தில் இருப்பவர்கள் சுருக்கமாக சி.பி.இ. என்பார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் போலியோ வைரஸைப் பார்க்க முடியாது. அது செய்த சேதத்தைப் பார்க்கலாம்.

திசுவை உடலுக்கு வெளியே உயிரோடு வைக்கலாம் என்பதை 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்புத் திசுவைக் கொண்டு காட்டினார். 1913-இல் ஸ்டைன்ஹார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் கினிப் பன்றியின் விழி வெண்படலத் துண்டுகளில் வாக்சினியா வைரஸை வளர்த்தார்கள். 1928-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த மேட்லண்ட் தம்பதியர் கோழிச் சிறுநீரகத்தைப் பொடியாக நறுக்கி, சீரமும் உப்புக் கரைசலும் கலந்த திரவத்தில் மிதக்கவிட்டு அதே வைரஸைப் பெருக்கினார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரே தொல்லை இருந்தது. வளர்ப்பில் பாக்டீரியா புகுந்தால் எல்லாம் அழுகிப்போகும். அதனால் மலம், தொண்டைச் சளி போன்ற அழுக்கு மாதிரிகளை அதில் சேர்ப்பதைப் பற்றி யாரும் நினைக்கவே முடியவில்லை.

போலியோவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1936-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆல்பர்ட் சேபினும் பீட்டர் ஒலிட்ஸ்கியும் மனிதக் கருவின் பல திசுக்களில் போலியோ வைரஸை இட்டுப் பார்த்தார்கள். மூளைத் திசுவில் மட்டுமே அது வளர்ந்தது. போலியோ நரம்பில் மட்டுமே வாழும் வைரஸ் என்ற கருத்து இதனால் கெட்டிப்பட்டது. பிழை அவர்களுடைய கையில் இல்லை, எடுத்துக்கொண்ட வைரஸில் இருந்தது. எம்.வி. என்ற அந்த வகை குரங்கு மூளையிலேயே ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டது. நரம்புத் திசுவுக்கே பழகிப்போயிருந்தது. நோயாளியின் குடலிலிருந்து வரும் வைரஸ் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த முடிவு அசையாமல் நின்றது. அதுவரை ஒரு மாதிரியில் போலியோ இருக்கிறதா என்று அறிய, அதைக் குரங்குக்குள் செலுத்தி முடக்கம் வருகிறதா என்று காத்திருப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கான குரங்குகள் இதற்காக மாண்டன.

1948-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், ஃபிரெடரிக் ராபின்ஸ் ஆகிய மூவரும் அந்த முட்டுக்கட்டையை உடைத்தார்கள். சின்னம்மை வைரஸை வளர்ப்பதற்காக வெல்லர் மனிதக் கருவின் தோல், தசைத் துண்டுகளைக் கொண்டு வளர்ப்புகளைத் தயாரித்திருந்தார். அவற்றில் சில மிஞ்சின. உறைபெட்டியில் லான்சிங் என்ற போலியோ வகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மிஞ்சியவற்றில் அதை இட்டார்கள். லான்சிங்குக்கு ஒரு வசதி உண்டு: அது எலிக்கும் பழகிய வகை என்பதால் வளர்ப்புத் திரவத்தை எலி மூளைக்குள் செலுத்தியே சோதிக்கலாம், குரங்கு தேவையில்லை.

வெல்லரின் உத்தி எளிமையானது. திசுவைப் புதுக் குடுவைக்கு மாற்றாமல் அப்படியே விட்டு, பழைய திரவத்தை மட்டும் சில நாள்களுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். இதனால் திசு வாரக்கணக்கில் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் இட்ட வைரஸ் நீர்த்துக்கொண்டே போகும். கணக்குப்படி அதில் ஒரு துகள்கூட மிஞ்சியிருக்க முடியாத கட்டம் வந்த பிறகும் அந்தத் திரவம் எலிகளை முடக்கியது. அப்படியானால் வைரஸ் அந்தத் தோலிலும் தசையிலும் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கிறது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கிடைத்திருந்ததால் பாக்டீரியாத் தொல்லையும் தீர்ந்தது. 1949 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. 1954-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

வைரஸ் வளர்ந்தது பாதிக் கதைதான். எலி இல்லாமலே அதை அறியலாம் என்பதே பெரிய திருப்பம். வளர்ப்புத் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் உண்டு. உயிருள்ள செல்கள் அமிலத்தை வெளியிடுவதால் சிவப்பு மெல்ல மஞ்சளாகும். வைரஸ் இட்ட குழாய்களில் அமிலம் குறைவாகவே சேர்வதை மூவரும் கவனித்தார்கள். செல்கள் இறந்துகொண்டிருந்தன. திசுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது உட்கருக்கள் சிதைந்திருந்தன. பிறகு, குழாயின் சுவரில் ஒட்டிப் படரும் செல்களை நேரடியாகவே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1950-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை இந்தச் சிதைவைப் பற்றியதே. போலியோவை எதிர்க்கும் சீரத்தை வைரஸுடன் முன்கூட்டியே கலந்துவிட்டால் செல்கள் நலமாக இருந்தன. சிதைவுக்குக் காரணம் வைரஸ்தான் என்பதற்கும், அது போலியோவின் எந்த வகை என்பதற்கும் ஒரே சோதனையில் விடை கிடைத்தது. குரங்கு செய்த வேலையைக் குழாய் செய்யத் தொடங்கியது.

இன்றும் போலியோ கண்காணிப்பு ஆய்வகங்களில் இதே கண்பார்வை வேலை நடக்கிறது. திடீரென்று கைகால் தளர்ந்துபோன குழந்தையிடமிருந்து, முடக்கம் தொடங்கிய 14 நாள்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்பட்டு, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு வருகின்றன. மாதிரியைக் குளோரோஃபார்மும் கண்ணாடி மணிகளும் சேர்த்துக் குலுக்குவார்கள். குளோரோஃபார்ம் பாக்டீரியாவையும் கொழுப்புறை கொண்ட வைரஸ்களையும் அழித்துவிடும். உறையில்லாத போலியோ வைரஸ் தாக்குப்பிடிக்கும். மையவிலக்கியில் சுழற்றியபின் மேலே நிற்கும் தெளிந்த நீரில் 0.2 மில்லி, செல் படலம் உள்ள குழாய்களில் இடப்படுகிறது.

அதற்கு முன்பே, செல் வளர உதவிய திரவம் மாற்றப்பட்டிருக்கும். வளர்ச்சித் திரவத்தில் கன்றுக் கரு சீரம் 10 விழுக்காடு வரை இருக்கும்; வைரஸ் இடும்போது 2 விழுக்காடு போதும். செல்கள் பெருகாமல் உயிரோடு மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெரிசலில் தாமாகவே உரிந்து பார்ப்பவரைக் குழப்பும்.

இரண்டு வகைச் செல்கள் தேவை. ஆர்.டி. என்பது மனிதத் தசைப் புற்றிலிருந்து வந்தது. போலியோவும் வேறு பல குடல் வைரஸ்களும் அதில் வளரும். எல்20பி என்பது எலிச் செல். லான்சிங் போன்ற பழகிய வகைகளைத் தவிர, எலிச் செல்லுக்குள் போலியோ நுழைய வழியில்லை. மனிதச் செல்லில் போலியோ பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவைப் புகுத்தி அந்த வழியைத் திறந்திருக்கிறார்கள். ஆகவே எல்20பி-யில் சிதைவு தெரிந்தால் போலியோவாக இருக்க வாய்ப்பு அதிகம். அது உறுதியல்ல; வேறு சில வைரஸ்களும் அதில் வளர்வதுண்டு.

குழாய்கள் 36 டிகிரி செல்சியஸில் சற்றுச் சாய்வாகக் கிடக்கும். ஐந்து நாள்கள் தினமும் பார்க்க வேண்டும். சாயம் எதுவும் ஏற்றுவதில்லை; தலைகீழ் நுண்ணோக்கியில் குறைந்த உருப்பெருக்கமும் அடக்கமான ஒளியும் போதும். நலமான ஆர்.டி. செல்கள் நீண்டு, இரு முனையும் கூம்பி, ஒன்றையொன்று ஒட்டிப் பரவியிருக்கும். போலியோ பிடித்த இடத்தில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் சுருங்கி உருண்டையாகின்றன; உருண்டையின் விளிம்பு பளிச்சென்று ஒளியைச் சிதறடிக்கும். அடுத்த நாள் உருண்டைகள் கூடும், படலத்தில் இடைவெளி விழும், குழாயை மெல்லத் தட்டினால் செல்கள் கழன்று மிதக்கும். பார்ப்பவர் சேதத்தை மதிப்பிட்டு எழுதுவார்: படலத்தில் கால்பங்கு வரை என்றால் 1+, பாதி வரை 2+, முக்கால் வரை 3+, அதற்கு மேல் 4+. 3+ எட்டியதும் குழாயை உறையவைத்து, அந்தத் திரவத்தை மற்றச் செல் வகையில் மீண்டும் இட்டு உறுதிசெய்வார்கள். ஐந்து நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு சுற்று, இன்னும் ஐந்து நாள்.

தேர்ந்த கண்ணும் ஏமாறும் இடம் முதல் நாள். மாதிரி இட்ட 24 மணி நேரத்துக்குள் படலம் முழுவதும் ஒரே சீராகச் சிதைந்திருந்தால் பெரும்பாலும் அது வைரஸ் அல்ல, மலத்தில் உள்ள நச்சுப் பொருள். வைரஸின் சேதம் ஓரிடத்தில் தொடங்கிப் பரவும். நச்சின் சேதம் எங்கும் ஒரே நேரத்தில் வரும். ஐயமிருந்தால் அந்தத் திரவத்திலிருந்து சிறிதளவைப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். நச்சு நீர்த்து மறைந்துவிடும். வைரஸ் என்றால் மீண்டும் தலைகாட்டும். திரவம் கலங்கி ஒரே இரவில் மஞ்சளானால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய, எதுவும் இடாத ஒப்பீட்டுக் குழாய் ஒன்று எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதிய மதிப்பெண்ணை நம்பவே கூடாது.

எல்லா வைரஸும் போலியோவைப் போல நடந்துகொள்வதில்லை. அடினோ வைரஸ் பிடித்த செல்கள் உப்பித் திராட்சைக் கொத்துபோலத் திரளும். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ஓரிரு நாளில் திட்டுத் திட்டாகத் தாக்கும்; சைட்டோமெகலோ வைரஸுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தட்டம்மை வைரஸ் பக்கத்துச் செல்களை ஒன்றாக இணைத்துப் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்லாக்கும். 1954-இல் எண்டர்ஸும் பீபிள்ஸும் அதை மனிதச் சிறுநீரகச் செல்களில் அப்படித்தான் அடையாளம் கண்டார்கள். வைரஸ் எதுவும் இடாத குரங்குச் சிறுநீரகச் செல்களிலும் அதே போன்ற பெருஞ்செல்கள் தோன்றியதுண்டு. அந்தக் குரங்குகளுக்கு இயல்பாகவே இருந்த நுரை வைரஸ் அதற்குக் காரணம்.

சிதைவு இல்லாததை வைரஸ் இல்லாததாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு மிகக் கனமான சான்று 1960-இல் கிடைத்தது. போலியோ தடுப்பூசிக்கான வைரஸை ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்த்துவந்தார்கள். அந்தச் செல்கள் நுண்ணோக்கியில் குறையில்லாமல் தெரிந்தன. பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்லமனும் அதே திரவத்தை ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்களில் இட்டபோது, அவற்றின் உள்ளே குமிழ் குமிழாக வெற்றிடங்கள் தோன்றின. ரீசஸ் குரங்கில் ஓசையின்றி வாழும் எஸ்.வி.40 என்ற வைரஸ் அது. 1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் போடப்பட்ட தடுப்பூசியின் ஒரு பகுதியில் அதுவும் கலந்திருந்தது. பின்னர் நடந்த மக்கள்தொகை ஆய்வுகளில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இன்ஃப்ளுயன்சாவும் பல நேரம் செல்லைச் சிதைக்காமலே பெருகும். 1957 முதல், கினிப் பன்றியின் சிவப்பணுக்களை ஊற்றி அவை செல்மேல் ஒட்டுகின்றனவா என்று பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது பெரும்பாலான மருத்துவமனைகளில் பி.சி.ஆர். சோதனையே முதலிடம் பிடித்துவிட்டது. உயிருள்ள வைரஸ் கையில் வேண்டும் என்னும்போதுதான் வளர்ப்பு. 2020-இல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் கோவிட் வைரஸை வீரோ செல்களில் பிரித்தெடுத்தது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் போலியோ கண்காணிப்பு ஆய்வக வலையமைப்பில் இடம்பெற்றிருக்கிறது.