ஜி.எஸ்.டி. சாலையில் மின்சார வாகனம்: வேகமும் பாட்டரியின் உஷ்ணமும்

சேலையூரிலும் செம்பாக்கத்திலும் குடியிருந்துகொண்டு, மறைமலைநகரிலோ செங்கற்பட்டுக்கு இப்பாலுள்ள மகேந்திரா சிட்டியிலோ உத்தியோகம் பார்ப்பவர்கள், மின்சார வண்டி வாங்க நினைக்கும்போது ஸ்கூட்டரா மோட்டார் சைக்கிளா என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நெடுஞ்சாலை வேகத்திற்கு மோட்டார் சைக்கிளே ஏற்றது என்ற பொது அபிப்பிராயம் முடிவளவில் சரியானதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பிழையானது. மோட்டார் சைக்கிள் காற்றைச் சுலபமாகக் கிழித்துச் செல்கிறது என்பதல்ல விஷயம். ஒரே வேகத்தில் ஓடும்போது அதன் பாட்டரியிலுள்ள ஒவ்வொரு செல்லின்மீதும் விழும் பாரம் குறைவு என்பதே விஷயம். இதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013இல் தொடங்கி, ஓசூரில் தயாரித்துவரும் ஏத்தர் நிறுவனத்தின் 450 எக்ஸ், 3.7 கிலோவாட் மணி பாட்டரியும் மணிக்கு 90 கி.மீ. உச்ச வேகமும் உடையது. வண்டியும் ஆளும் சேர்ந்து 190 கிலோ என்றும், பாட்டரியிலிருந்து சக்கரம் சேரும்வரை நூற்றுக்குப் பதினைந்து பங்கு சக்தி வீணாகிறது என்றும், பயன்படுத்தத்தக்க இருப்பு 3.3 கிலோவாட் மணி என்றும் வைத்துக்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 23 வாட் மணி செலவாகும். 60இல் அது 40 ஆகும். 80இல் 65 ஆகும். டயர் உருளும்போது உண்டாகும் எதிர்ப்பு வேகத்தோடு அவ்வளவாக மாறுவதில்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது என்பதே இந்த ஏற்றத்திற்குக் காரணம். ஆகவே முழு சார்ஜில் 40இல் ஏறத்தாழ 140 கி.மீ. ஓடும் அதே வண்டி, 60இல் 80 கி.மீ.யும், 80இல் 50 கி.மீ.யுமே ஓடும்.

விளம்பரத்தில் காணும் தூரத்திற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் மோசடி ஒன்றுமில்லை. இருசக்கர வாகனங்களைப் பரீட்சிக்கும் இந்திய ஓட்டச் சுழற்சியில் உச்ச வேகமே 42 கி.மீ.தான். வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவனுக்கு அந்தச் சான்றிதழ் ஓரளவு உண்மை பேசும். வண்டலூர் தாண்டியபின் அது வழிகாட்டாது. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்கு ஏறக்குறைய 30 கி.மீ.; போய்வர 60. எண்பதில் பிடித்துப் போகிறவர் திரும்பும் வழியில் கூடுவாஞ்சேரிக்குச் சற்று அப்பாலோ இப்பாலோ நின்றுவிடுவார். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து 15 கி.மீ. வேகத்தில் முகத்திலடித்தால் போகும்போதே நிலைமை மோசமாகும். சாலை அத்திசையையே நோக்கிச் செல்வதால், காற்றுக்கு வண்டி 95இல் போவதாகவே கணக்கு, செலவும் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

இனி மோட்டார் சைக்கிள். சென்னையிலேயே உருவாகி 2024 அக்டோபரில் அறிமுகமான ராப்டீ டி30க்கு 5.4 கிலோவாட் மணி பாட்டரி. உச்ச வேகம் 135 கி.மீ. இதன் கனம் அதிகம். ஆனால் சக்கரங்கள் பெரியவை, ஓட்டுபவர் சற்றுக் குனிந்து அமர்கிறார். இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, 80 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 60 வாட் மணி என்று கணக்கு வருகிறது. ஸ்கூட்டரின் 65க்கும் இதற்கும் பெரிய தாரதம்மியம் இல்லை. காற்றை எதிர்ப்பதில் பெரும்பங்கு மனித உடலுடையது. அது எந்த வண்டியின்மீது அமர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே பரப்புதான்.

அப்படியானால் மேன்மை எங்கே? எண்பதில் ஓடும் ஸ்கூட்டர் பாட்டரியிலிருந்து 5.2 கிலோவாட் இழுக்கிறது. அதாவது ஒரு மணி நேரத்தில் பாட்டரியின் கொள்ளளவைப் போல் 1.4 மடங்கு. மோட்டார் சைக்கிள் இழுப்பது 4.8 கிலோவாட், அதன் கொள்ளளவில் 0.9 மடங்கு. செல்லுக்குள் பிறக்கும் உஷ்ணம் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகையால் ஒரே ஜாதிச் செல்களாகக் கொண்டால், ஸ்கூட்டரின் செல் ஒவ்வொன்றும் மோட்டார் சைக்கிளின் செல்லைவிட இரண்டரை மடங்கு சூடேறுகிறது. 10.3 கிலோவாட் மணி பாட்டரி கொண்ட அல்ட்ராவயலெட் எஃப்77ஐ இதே வேகத்தில் ஓட்டினால் வித்தியாசம் எட்டு, ஒன்பது மடங்காகும். ராப்டீயில் 240 வோல்ட் இருப்பதால்தான் பாட்டரி சூடாவதில்லை என்று சிலர் சொல்வது சரியன்று. உயர்ந்த வோல்டேஜ் கம்பியிலும் கன்ட்ரோலரிலும் ஏற்படும் நஷ்டத்தைக் குறைக்கும்: 50 வோல்ட் ஸ்கூட்டரின் கேபிளில் 100 ஆம்பியர் ஓடும் இடத்தில் இங்கே 20 ஆம்பியரே ஓடும். செல்லுக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. அதற்குத் தெரிவது தன் பங்கு மின்னோட்டம் மட்டுமே.

அந்த உஷ்ணம் எவ்வளவு? நூறு ஆம்பியர் ஓடும் ஸ்கூட்டர் பாட்டரியில் சுமார் 260 வாட் உஷ்ணமாகிறது என்று கொள்ளலாம். செல்களின் எடையோ பதினாறு கிலோ அளவே. அந்த உஷ்ணம் சிறிதும் வெளியேறாவிட்டால் நிமிஷத்திற்கு ஒரு டிகிரி ஏறும். பாட்டரி கால் வைக்கும் தளத்தின் கீழே, அலுமினியப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் மூடிகளுக்கிடையே இருப்பதால் காற்று அதைத் தழுவுவது சொற்பம். சித்திரை வெயிலில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தின் வெளியே நிறுத்தியிருந்த வண்டியின் செல்கள் 42 டிகிரியிலேயே புறப்படுகின்றன. எண்பதில் இருபது நிமிஷம் ஓடினால் 60ஐ நெருங்கும். லித்தியம் செல்களுக்கு அதுவே ஏறக்குறைய எல்லை; அதற்கு முன்னரே கட்டுப்பாட்டுச் சாதனம் சக்தியைக் குறைத்துவிடும்.

வண்டி தளர்வது பாட்டரியாலா, மோட்டாராலா என்று அறிய ஒரு வழி உண்டு. ஸ்கூட்டர் மோட்டாரின் இடைவிடாத திறன் அதன் உச்சத் திறனில் பாதியளவே இருப்பதால், அதுவும் தனியாகச் சூடாகும். ஆனால் அதன் எடை குறைவாகையால் சீக்கிரம் ஆறும். சிங்கப்பெருமாள் கோவிலில் நிழலில் நிறுத்தி ஒரு டீ குடித்து வருவதற்குள் பழைய வேகம் மீண்டால் குற்றம் மோட்டாருடையது. மீளவில்லை, சார்ஜும் போதுமான அளவு இருக்கிறது என்றால் அது பாட்டரி. ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த நிலையில் சார்ஜரை மாட்டினால், செல்களைக் காக்கும்பொருட்டு அது மெதுவாகவே ஏற்றும், அல்லது ஏற்றவே மறுக்கும். பெரும்பாலான செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது ஆகாது. மேல்மருவத்தூர் வரை விரட்டிச் சென்று அங்கே அரைமணியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ராப்டீ கார்களுக்குரிய சி.சி.எஸ். 2 இணைப்பை ஏற்பதால் நெடுஞ்சாலையில் சார்ஜர் கிடைப்பது எளிது என்பது மெய். ஆயினும் குளிர்ந்த பாட்டரியோடு சென்றால்தான் அந்த வசதி முழுப்பயன் தரும்.

மோட்டார் சைக்கிளுக்கும் வரம்பு உண்டு. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 95 கி.மீ.; 5.4 கிலோவாட் மணி வண்டி 80இல் ஓடினால் 80 கி.மீ.யோடு நின்றுவிடும், 70இல் ஓடினால் நூறைத் தொட்டும் தொடாமலும் ஊர் சேரும். 10.3 கிலோவாட் மணி வண்டிக்கு மட்டுமே எண்பதில் போவது கவலையற்ற காரியம். அதன் விலையும் கனமும் கூடுவாஞ்சேரி வரை போய்வருபவருக்கு வீண். செங்கற்பட்டோடு பிரயாணம் முடியுமானால் ஸ்கூட்டரை 60இல் ஓட்டுவதே என் தீர்மானம்: போய்வந்தபின் 20 கி.மீ. மிச்சமிருக்கும், செல்லின் சூடு எண்பதில் ஏறுவதில் ஐந்தில் ஒரு பங்கே ஏறும், போகும் நேரம் ஒரு வழிக்கு ஏழெட்டு நிமிஷமே கூடும்.